துடிப்பு எங்கே தாவுகிறது?

கடலில் ஆபத்தை உணர்ந்ததும் கணவாய், நீரைப் பீய்ச்சியடித்துப் பாய்ந்து தப்புகிறது. அந்தப் பாய்ச்சலுக்கான கட்டளையைச் சுமக்கும் நரம்பிழை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன். வெறும் கண்ணுக்கே தெரியும். அதில் மின்துடிப்பு நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். தவளையின் காலுக்குச் செல்லும் பெரிய இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். ஆனாலும் அதில் துடிப்பு கணவாயின் வேகத்துக்குக் குறையாமல் ஓடுகிறது. கணவாயின் ஒற்றை இழை அடைக்கும் இடத்தில் இப்படிப்பட்ட இழைகள் ஆயிரத்துக்கு மேல் அடங்கிவிடும்.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் மயலின் என்னும் கொழுப்புறை.

நரம்புத் துடிப்பு என்பது இழையின் சவ்வில் நிகழும் ஒரு மின்மாற்றம். ஓய்வில் இழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டல் வந்ததும் சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறக்கின்றன, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, அங்கே மின்னழுத்தம் எகிறுகிறது. பாய்ந்த மின்னோட்டம் இழைக்குள்ளேயே முன்னோக்கிப் பரவி, அடுத்த இடத்தின் வாயில்களையும் திறக்கவைக்கிறது.

இதில் தாமதம் எங்கே நேர்கிறது? சவ்வு மிக மெல்லியது. மெல்லிய தடுப்பின் இருபுறமும் மின்னூட்டம் நிறையத் தேங்கும். எனவே முன்னோக்கி வரும் மின்னோட்டம், வழிநெடுக ஒவ்வொரு துளி இடத்திலும் தேங்கியதை மாற்றிவிட்டுத்தான் மேலே போக முடியும். போகும் வழியில் சவ்வு வழியாகக் கசியவும் செய்கிறது. உறையில்லாத இழையில் ஒவ்வொரு இடத்திலும் வாயில்கள் புதிதாகத் திறந்தாக வேண்டும். மனித உடலில் மந்தமான வலியைக் கொண்டுபோகும் உறையற்ற மெல்லிழைகளில் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடுவது இதனால்தான்.

கை கால் நரம்புகளில் ஷ்வான் செல்கள் இழையைப் பல அடுக்காகச் சுற்றிக்கொள்கின்றன. தடுப்பு தடித்துவிடுவதால் அங்கே தேங்கும் மின்னூட்டம் வெகுவாகக் குறைகிறது, கசிவும் அடைபடுகிறது. கிடைத்த மின்னோட்டம் வழியில் வீணாகாமல் நெடுந்தூரம் போகிறது. ஆனாலும் போகப்போக அது தேயும். அதனால் பெரிய இழைகளில் சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை உறை விட்டுப்போய், சவ்வு வெளியே தெரிகிறது. இந்த இடைவெளிதான் ரான்வியர் கணு. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. சோடியம் வாயில்கள் நெருக்கியடித்து நிற்பது இங்கேதான். தேய்ந்து வந்த துடிப்பு இங்கே முழு வலிமை பெறுகிறது.

1930களில் டோக்கியோவில் இச்சிஜி தசாகி, தேரையின் ஒற்றை இழையைப் பிரித்தெடுத்துச் சோதித்தார். கணுவில் மரத்துப்போகும் மருந்து பட்டால் அந்தக் கணு செயலிழந்தது. உறையுள்ள பகுதியில் பட்டால் எதுவும் ஆகவில்லை. 1949இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ராபர்ட் ஸ்டாம்ஃப்ளியும் தவளை இழை நெடுகிலும் மின்னோட்டத்தை அளந்தார்கள். உறையுள்ள பகுதியின் இரு முனைகளுக்கிடையே நேர வித்தியாசம் மிகக் குறைவு. ஒவ்வொரு கணுவிலும் மட்டும் ஒரு சிறு தாமதம். தூரத்தையும் நேரத்தையும் வரைபடமாக்கினால் அது படிக்கட்டுபோல் வந்தது. தாவல் கடத்தல் என்பது இந்தப் படிக்கட்டுதான்.

ஆனால் பாடநூல் படங்கள் காட்டுவதுபோல் துடிப்பு ஒரு கணுவில் அணைந்து, உறையின் மேலாகக் குதித்து, அடுத்த கணுவில் மறுபடி பற்றுவதில்லை. இழைக்குள் மின்னோட்டம் இடைவிடாமல் ஓடுகிறது. வாயில் திறந்து துடிப்பைப் புதுப்பிக்கும் வேலை மட்டுமே கணுக்களில் நடக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 50 மீட்டர் வேகமுள்ள இழையில், ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த கணுவை எட்ட 20 மைக்ரோநொடி போதும். ஒரு கணுவில் துடிப்பு எழுந்து அடங்கச் சுமார் 500 மைக்ரோநொடி ஆகும். அப்படியானால் முதல் கணு அடங்குவதற்குள் இன்னும் 25 கணுக்கள் விழித்துவிடுகின்றன. எந்த நொடியிலும் துடிப்பு இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவிக்கிடக்கிறது.

உறை சிதைந்தால் கணக்கு குலைகிறது. கில்லன்-பாரே நோயின் பரவலான ஒரு வகையில், உடலின் எதிர்ப்பாற்றலே மயலினைத் தாக்குகிறது. நரம்புக் கடத்தல் பரிசோதனையில் இது தெரியும். முழங்கையிலும் மணிக்கட்டிலும் தனித்தனியே மின்தூண்டல் கொடுத்து, கைத்தசை எவ்வளவு நேரத்தில் துடிக்கிறது என்று பார்ப்பார்கள். இடைத்தூரம் 24 சென்டிமீட்டர், நேர வித்தியாசம் 4 மில்லிநொடி என்றால் வேகம் 60 மீட்டர், இது இயல்பானது. அதே தூரத்துக்கு 8 மில்லிநொடி ஆனால் வேகம் 30 மீட்டர். உறை பழுதாகியிருப்பதாக மருத்துவர் சந்தேகிப்பார். சேதம் முற்றினால் மின்னோட்டம் அடுத்த கணுவை எழுப்பும் அளவுக்குப் போய்ச் சேராது. இழை உயிரோடு இருக்கும், தசையோ அசையாது.

ஷ்வான் செல்கள் உறையை மறுபடி சுற்றித்தர வல்லவை. பலர் எழுந்து நடப்பது அதனால்தான். ஆனால் இந்த நோய் மூச்சுத்தசைகளையும் முடக்கக்கூடும். காலில் தொடங்கிய மரமரப்பும் பலவீனமும் ஓரிரு நாளில் மேலே ஏறினால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.