“நீங்களாகவே மாத்திரை வாங்கிச் சாப்பிடுவீர்களா?” என்று கேட்காதீர்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்காருகிறவருக்கு முதுகும் முழங்காலும் வலிப்பது செய்தியே இல்லை. கோர்வை போட்ட சேலை என்றால் தறியில் இருவர் வேண்டும். ஒருவர் எழுந்து டாக்டரிடம் போனால் மற்றவரின் வேலையும் நிற்கும், கூலியும் நிற்கும். அதனால் மெடிக்கல் ஷாப்பில் “ரெண்டு வேளைக்கு வலி மாத்திரை” என்று கேட்டு வாங்கி, டீயோடு விழுங்கிவிட்டுத் தறிக்குத் திரும்புகிறார்கள். பி.பார்ம் கடைசி ஆண்டு மாணவர் ஒருவர் தன் புராஜெக்டுக்கு நான்கைந்து தெருக்களில் இந்தப் பழக்கத்தைக் கணக்கெடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எங்கே தொடங்க வேண்டும்?

எதைச் சுயமருத்துவம் என்பது?

புதுச்சேரி நகரப் பகுதியில் 352 பேரிடம் நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், சுயமருத்துவம் செய்பவர்கள் ஏறக்குறைய 12 சதவீதம்தான். தென்னிந்தியாவிலேயே நடந்த வேறு ஆய்வுகளில் பாதிக்கும் மேல் வந்திருக்கிறது. இவ்வளவு இடைவெளிக்கு ஊர் மட்டும் காரணமில்லை. எதைக் கணக்கில் சேர்த்தார்கள், எத்தனை நாளுக்குள் நடந்ததைக் கேட்டார்கள் என்பதிலேயே எண் பாதி முடிவாகிவிடுகிறது.

எனவே வரையறையை முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டி அதே ஆன்டிபயாடிக்கை மறுபடி வாங்குவது சுயமருத்துவம். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மாத்திரையும் அப்படியே. ஆனால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பிரஷர் மாத்திரை சேராது, அது டாக்டர் எழுதியது. சுக்குக் கஷாயம்? சேர்க்கலாம், விடலாம். என் யோசனை, அதைக் கேட்டுத் தனியாகக் குறித்துக்கொண்டு முக்கியக் கணக்கிலிருந்து விலக்கி வைப்பது. கஷாயத்தையும் டைக்ளோஃபினாக்கையும் ஒரே எண்ணுக்குள் போட்டால் அந்த எண் யாருக்கும் பயன்படாது.

கேள்வி பழக்கத்தைப் பற்றியல்ல, போன வலியைப் பற்றி

மாணவர்களின் கேள்வித்தாள்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் முதல் கேள்வி தலைப்பில் இருப்பதுதான். பதிலும் பெரும்பாலும் ஒன்றே: “இல்லைங்க, டாக்டர்கிட்டதான் போவோம்.” அவர்கள் பொய் சொல்லவில்லை. மருந்தியல் படிக்கும் பிள்ளை கேட்கும்போது எது சரியான பதில் என்று அவர்களுக்குத் தெரியும், அதைச் சொல்லிவிடுகிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போனால் இது இன்னும் கூடும்.

மாற்றிக் கேட்டுப் பாருங்கள். “போன ஒரு மாசத்துல உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்துச்சா? கடைசியா வந்தது என்ன? அதுக்கு முதல்ல என்ன பண்ணீங்க?” நடந்ததைச் சொல்லும்போது யாரும் தன்னைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. அதற்குப் பிறகு, “அந்த மாத்திரை மீதி இருக்கா, பார்க்கலாமா?” என்று கேளுங்கள். அட்டையைப் பார்த்தால் பெயரும் மில்லிகிராமும் தெரியும், சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பதும் தெரியும். பல வீடுகளில் கத்தரித்துக் கொடுத்த இரண்டு மாத்திரைத் துண்டுதான் இருக்கும், பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட பக்கத்தோடு போயிருக்கும். மாணவர் நிறத்தைப் பார்த்து ஊகித்து எழுதக் கூடாது. ‘பெயர் தெரியாத மாத்திரை’ என்று கேள்வித்தாளிலேயே ஒரு கட்டம் வேண்டும். எத்தனை பேர் பெயர் தெரியாமல் விழுங்குகிறார்கள் என்பது இந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே இருக்கலாம்.

ஒரு மாதம் என்று வைப்பதற்குக் காரணம் உண்டு. மூன்று மாதம் என்றால் மறந்துவிடுவார்கள். ஒரு வாரம் என்றால் நோய்வாய்ப்பட்டவர்களே போதுமான அளவுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

எத்தனை வீடு, எந்த நாள்?

கல்லூரிகளில் சொல்லித்தரும் சூத்திரம் 4pq/L². முன்தகவல் இல்லாததால் p 50 என்று கொள்வோம், q-வும் 50. பத்து சதவீதம் முன்பின் போகலாம் என்றால் L 10. கணக்கு 100 பேரில் முடிகிறது. அந்தத் தெருக்களில் மொத்தம் 300 வீடு இருந்தால் மூன்றுக்கு ஒரு வீடு. முதல் மூன்றில் எதில் தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்த்துவிட வேண்டும். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடாமல், இன்னும் இரண்டு முறை வந்து பார்க்க வேண்டும். பூட்டிய வீடு என்றால் வேலைக்குப் போனவர்களின் வீடு, அவர்களை விட்டால் மாதிரி வீட்டிலேயே இருப்பவர்கள் பக்கம் சாயும். வீட்டுக்குள்ளும் கதவைத் திறந்தவரையே பிடித்துக்கொள்ளாமல், பதினெட்டு வயது தாண்டியவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரைக் கேட்கலாம்.

தறி ஓடும் நேரத்தில் போனால் அவசரப் பதில்தான் வரும். அமாவாசையன்று தறிக்கு விடுமுறை விடும் வீடுகளில் அன்று நிதானமாகப் பேசலாம். வைகாசி வரதராஜப் பெருமாள் பிரம்மோற்சவம், பங்குனி உத்திரம் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், வீடு நிறைய விருந்தினர் இருப்பார்கள்.

இதற்கெல்லாம் முன்பே கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி தந்திருக்க வேண்டும், ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், பெயரும் கதவு எண்ணும் பதிவில் ஏறக் கூடாது. மாதிரியில் சேராத பத்து வீடுகளில் ஒத்திகை பார்த்துவிட்டுக் கேள்விகளைத் திருத்திக்கொள்ளலாம்.

ஒரு சங்கடம் நிச்சயம் வரும். பிரஷர் மாத்திரை எடுக்கும் பெரியவர் ஒருவர், “தினம் ஒரு வலி மாத்திரை போடுவேன்” என்பார். தொடர்ந்து எடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கெடுதல், ரத்த அழுத்தமும் ஏறும். நடுவில் சொன்னால் அவர் மீதிக் கேள்விகளுக்கு உஷாராகிவிடுவார். சொல்லாமல் எழுந்து வருவதும் தப்பு. எல்லாக் கேள்வியும் முடிந்ததும் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள்.

எதால் வகுப்பது?

பகுப்பாய்வில் தவறு நடப்பது பெரும்பாலும் கூட்டலில் இல்லை, கீழே போடும் எண்ணில். கற்பனையாக ஒரு கணக்கு: 100 பேரில் 62 பேருக்கு அந்த மாதம் ஏதோ உபாதை. அதில் 31 பேர் தாங்களாகவே மருந்து எடுத்தார்கள். சுயமருத்துவம் எத்தனை சதவீதம்? மொத்தப் பேரில் 31, நோய்வாய்ப்பட்டவர்களில் 50. இரண்டும் சரி, இரண்டும் வேறு கேள்விக்கான விடை. அறிக்கையில் எதால் வகுத்தோம் என்று எழுதாமல் விட்டால்தான் பிழை. அந்த ஐம்பதைச் சுற்றி 38 முதல் 62 வரை ஊசலாட்டம் உண்டு என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அதன் அடியில் இருப்பது 62 பேர்தான்.

நெசவாளர்கள் அதிகம் செய்கிறார்களா என்று பார்க்க ஆசை வரும். அந்த 62 பேரில் 34 பேர் நெசவாளர்கள், அவர்களில் 20 பேர் தாமாக எடுத்தார்கள். மற்ற 28 பேரில் 11 பேர். அதாவது 59-க்கு எதிராக 39. இருபது புள்ளி வித்தியாசம், கண்ணுக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது. கை-ஸ்கொயர் போட்டால் 2.34 வருகிறது, தாண்ட வேண்டிய எல்லை 3.84. இத்தனை குறைவான பேரில் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரும். “நெசவாளர்களிடம் சுயமருத்துவம் அதிகம்” என்று தலைப்புப் போட முடியாது. “வேறுபாடு இல்லை” என்றும் எழுத முடியாது. “இந்த மாதிரியில் வேறுபாடு உறுதிப்படவில்லை, 62 பேர் போதவில்லை” என்று எழுதலாம். வைவா தேர்வில் இந்த வரியைத்தான் குடைந்து கேட்பார்கள்.