மூன்று சம்பளம், ஒரு வாடகை

பெரும்பாக்கத்தில் ஒரு மூன்று பெட்ரூம் ஃப்ளாட். அதில் மூன்று பெண்கள் சேர்ந்து குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐடி கம்பெனியில் இருக்கும் கவிதாவுக்கு மாதம் கையில் வருவது 62,000 ரூபாய். நர்ஸ் வேலை பார்க்கும் நஸ்ரினுக்கு 38,000. தனியார் பள்ளி ஆசிரியை ஜெனிக்கு 25,000. வாடகையும் மெயின்டனன்ஸும் சேர்த்து 26,500.

தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் போட்டால் ஆளுக்கு 8,833 ரூபாய். கணக்கு சுலபம்தான். ஆனால் ஜெனியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதிலேயே போய்விடும். கவிதாவுக்கோ ஏழில் ஒரு பங்குதான். இதைச் சம்பள விகிதத்துக்கு மாற்றலாம். மூவர் சம்பளத்தின் கூட்டுத்தொகை 1,25,000. 26,500-ஐ அதால் வகுத்தால், சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு 21 ரூபாய் 20 காசு. அதன்படி கவிதா 13,144, நஸ்ரின் 8,056, ஜெனி 5,300. மூவர் சம்பளத்திலிருந்தும் ஒரே சதவீதம் போகிறது.

சம்பளம் என்றால் எது என்பதை முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். ஆஃபர் லெட்டரில் இருக்கும் தொகையை எடுக்கக் கூடாது. வரியும் பிஎஃப்பும் போக வங்கிக் கணக்கில் விழுவதுதான் கணக்கு. நைட் டியூட்டி அலவன்ஸால் நஸ்ரினுக்கு மாதாமாதம் தொகை மாறும் என்றால் மூன்று மாதச் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கழிப்பதா என்ற கேள்வியும் கட்டாயம் வரும். அப்பாவின் டயாலிசிஸ் செலவைக் கழிக்கலாம், புது பைக்கின் இஎம்ஐயைக் கழிக்க வேண்டாம் என்பது என் கட்சி. எப்படி முடிவெடுத்தாலும் மூவருக்கும் ஒரே விதி. அட்வான்ஸை மட்டும் இந்த விகிதத்துக்குள் கொண்டுவராதீர்கள். அது திரும்பி வரும் பணம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி வைத்து, அதையே திருப்பித் தர வேண்டும்.

வாடகை இப்படி முடிந்துவிடும். சிக்கல் கரண்ட் பில்லில்தான். கவிதாவின் அறையில் மட்டும் ஏசி இருக்கிறது. கோடையில் இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஓடியிருக்கிறது. வீட்டுக்காரர்கள் மாடிப் போர்ஷனுக்கு மாட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு சப் மீட்டரை ஏசி லைனில் மாட்டிப் பார்த்ததில் ஏசிக்கு மட்டும் 160 யூனிட். பில் தொகையில் 560-க்கு 160 என்ற கணக்கில் கவிதா கொடுத்தால் போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

அது சரியாக வராது. தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த நூறுக்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகையே போய்விடும், 101-லிருந்தே 4.70. அப்புறம் 401 முதல் 500 வரை 6.30, அதற்கு மேல் 600 வரை 8.40. இந்தக் கணக்கில் 560 யூனிட்டுக்கு பில் 2,544 ரூபாய். ஏசி ஓடாமல் 400 யூனிட்டோடு நின்றிருந்தால் 1,175தான். அதாவது, அந்த 160 யூனிட்டால் கூடிய செலவு 1,369 ரூபாய். யூனிட் கணக்கில் பிரித்திருந்தால் கவிதா ஏசிக்காகத் தந்திருக்கக்கூடியது 727. மீதி 642 ரூபாய், கொசுவர்த்தியும் ஃபேனுமாகத் தூங்கியவர்கள் தலையிலும் சேர்ந்து விழுந்திருக்கும்.

ஆகவே இரண்டு முறை பில் போட்டுப் பாருங்கள்: ஏசியோடு ஒன்று, ஏசி இல்லாமல் ஒன்று. வித்தியாசத்தை ஏசி வைத்திருப்பவர் கட்டட்டும். மீதி 1,175 ரூபாயை, ஃப்ரிட்ஜும் மோட்டாரும் வாஷிங் மெஷினும் எல்லோருக்கும் பொது என்பதால், சம்பள விகிதத்தில் பிரிக்கலாம்: கவிதா 583, நஸ்ரின் 357, ஜெனி 235. நாளைக்கு நஸ்ரினும் ஏசி மாட்டினால், இரண்டு ஏசியும் சேர்ந்து கூட்டிய தொகையை அவரவர் சப் மீட்டர் யூனிட்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒரு விஷயம் மறக்கக் கூடாது. ஈபி ரீடிங் எடுக்க வரும் அன்றே சப் மீட்டரையும் போட்டோ எடுத்து குரூப்பில் போட வேண்டும். ஒரு வாரம் தள்ளி எடுத்தால், பில்லில் இல்லாத ஏழு நாள் ஏசி யூனிட்டும் அந்தக் கணக்கில் ஏறிவிடும்.

மளிகையில் வேறு மாதிரிச் சண்டை. பில் கையில் வந்ததும் முதல் வேலை, தனிச் சாமான்களைப் பேனாவால் அடிப்பது. ஷாம்பூ, ஒருவர் மட்டும் குடிக்கும் ஓட்ஸ் எல்லாம் வாங்கியவர் கணக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காய்கறி, சிலிண்டர் என்று பொதுவில் நிற்பது மாதம் 7,000 என்று வைத்துக்கொள்வோம். சம்பள விகிதத்தை அப்படியே போட்டால் கவிதா பங்கு 3,472, ஜெனி பங்கு 1,400. ஆனால் கவிதா மதியம் ஆபீஸ் கேன்டீனிலும், பாதி நாள் ராத்திரி வெளியிலும் சாப்பிடுகிறார். மாதத்தில் வீட்டில் அவர் சாப்பிட்டது 30 வேளை. நஸ்ரின் 50, டிபன் பாக்ஸையும் கட்டிக்கொண்டு போகும் ஜெனி 60. கவிதாவுக்கு ஒரு வேளைச் சாப்பாடு 116 ரூபாய் ஆகிறது, ஜெனிக்கு 23. இப்படிப் போனால், கவிதா ஒருநாள் ‘எனக்குச் சமையல் வேண்டாம்பா’ என்று விலகிக்கொள்வார்.

இங்கே சம்பளத்தை வேளையால் பெருக்கிவிட வேண்டும். ஆயிரத்தில் சொன்னால் கவிதாவுக்கு 62-ஐ 30-ஆல் பெருக்கி 1,860. நஸ்ரினுக்கு 38-ஐ 50-ஆல் பெருக்கி 1,900. ஜெனிக்கு 25-ஐ 60-ஆல் பெருக்கி 1,500. மொத்தம் 5,260. இந்த விகிதத்தில் 7,000 ரூபாய் பிரிந்தால் கவிதா 2,475, நஸ்ரின் 2,529, ஜெனி 1,996. ஒரு வேளைக்கு என்று பார்த்தால் கவிதாவுக்கு 82 ரூபாய் சொச்சம், ஜெனிக்கு 33. சம்பளம் கூடியவர் கூடுதலாகத்தான் தருகிறார். சாப்பிடாத சாப்பாட்டுக்குத் தரவில்லை. வேளையை எண்ண ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலண்டரும் மூன்று கலர் பேனாவும் போதும். இதற்குமேல் நுணுக்கம் வேண்டாம். இட்லி எண்ண ஆரம்பித்தால் அந்த வீட்டில் இருக்க முடியாது.

சம்பள விகிதத்தில் உள்ள பெரிய ஓட்டை, அதிகம் சம்பாதிப்பவர் காலி செய்யும்போதுதான் தெரியும். கவிதாவுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வருகிறது. மீதி இரண்டு பேரின் சம்பளம் சேர்த்தே 63,000தான். வாடகையோ அதே 26,500. நஸ்ரின் பங்கு 8,056-லிருந்து 15,984 ஆகிவிடும், ஜெனியுடையது 10,516 ஆகிவிடும். புதிதாக வருபவர் கவிதா அளவுக்குச் சம்பாதிப்பார் என்று எந்த உறுதியும் இல்லை. 30,000 சம்பளக்காரர் வந்தால்கூட நஸ்ரினுக்கு 10,828 வரும், ஜெனிக்கு 7,124. எனவே குடிபோகும்போதே இரண்டு விஷயங்களை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது: காலி செய்கிறவர் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், சொல்லாமல் போனால் அவர் பங்கை அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்கலாம். பிடிக்கும் தொகை அவருடைய விகிதப் பங்கான 13,144-ஆ, மூன்றிலொன்றான 8,833-ஆ என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும்.