பாதியில் நின்ற வசதி: ஃபீச்சர் ஃபிளாக் பணியைக் கடைசி வரை கண்காணிப்பது எப்படி?

ஃபீச்சர் ஃபிளாக் என்பது ஒரு மென்பொருள் வசதியை இயக்கவோ நிறுத்தவோ நிரலுக்குள் வைக்கப்படும் சுவிட்ச். புதிய நிரலும் பழைய நிரலும் ஒரே நேரத்தில் சர்வரில் இருக்கும். பயனர் ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது ஃபிளாக்கின் நிலையைப் பார்த்து, இரண்டில் ஒரு வழியில் மென்பொருள் செல்லும். இதனால் புதிய வசதியை எல்லோருக்கும் ஒரே நாளில் திறக்க வேண்டியதில்லை. முதலில் ஊழியர்களுக்கு, பிறகு 5 சதவீதப் பயனர்களுக்கு, அதன்பின் 25, 50, 100 சதவீதம் என்று படிப்படியாகத் திறக்கலாம். கோளாறு தெரிந்தால் நிரலை மாற்றாமல் சுவிட்சை மட்டும் அணைத்துவிடலாம். இந்தப் படிப்படியான திறப்பைத்தான் ரோல்அவுட் என்கிறார்கள்.

திறப்பு இப்படிப் பல நாட்களுக்கு நீள்வதால், அது நடுவில் நின்றுபோகவும் வழி உண்டு. இணையத்தில் மளிகை விற்கும் ஒரு கடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே பணம் செலுத்தும் பக்கத்தைப் புதிதாக எழுதி, `new_checkout` என்ற ஃபிளாக்கின் பின்னால் வைக்கிறார்கள். ஜூன் 10 அன்று 5 சதவீதம், 12 அன்று 25 சதவீதம் திறக்கப்படுகிறது. தள்ளுபடிக் கூப்பன் போட்டவர்களுக்கு டெலிவரிக் கட்டணம் இருமுறை சேர்வது தெரியவர, மேலே ஏற்றுவதை நிறுத்துகிறார்கள். 20-ஆம் தேதி பிழை திருத்தப்படுகிறது. பிழைக்கான டிக்கெட்டும் மூடப்படுகிறது. ரோல்அவுட்டை நடத்திவந்த பொறியாளர் அதற்குள் வேறு குழுவுக்குப் போய்விட்டார். சதவீதத்தை மறுபடி உயர்த்துவது யார் கையிலும் இல்லாத வேலையாகிவிடுகிறது.

அடுத்த சில மாதங்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. இரண்டு பக்கங்களும் வேலை செய்கின்றன. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. பிறகு ஒரு பொருளின் வரி விகிதம் மாறுகிறது. புதிய பக்கம் எப்போதோ எல்லோருக்கும் போய்விட்டது என்று நம்பும் ஒரு பொறியாளர், அந்தப் பக்கத்தின் நிரலில் மட்டும் விகிதத்தைத் திருத்துகிறார். நான்கில் மூன்று வாடிக்கையாளர்களுக்குப் பழைய விகிதத்திலேயே பில் போகிறது. புகார் வந்தாலும் பிழையைப் பிடிப்பது எளிதல்ல. சோதித்துப் பார்ப்பவரின் கணக்கு அந்த 25 சதவீதத்துக்குள் இருந்தால் அவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பயனரின் அடையாள எண்ணையும் ஃபிளாக்கின் பெயரையும் சேர்த்துக் கணக்கிட்டே யார் எந்தப் பக்கம் என்று மென்பொருள் முடிவு செய்கிறது. ஆகவே ஒருவருக்கு எத்தனை முறை திறந்தாலும் அதே பக்கம்தான் வரும்.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு ஃபிளாக்குக்கும் தனியாக ஒரு ரோல்அவுட் டிக்கெட் வேண்டும். வசதியை எழுதும் பணிக்கு இருக்கும் டிக்கெட் இதற்குப் போதாது. நிரல் சேர்க்கப்பட்டதுமே அது மூடப்பட்டுவிடும். ரோல்அவுட் டிக்கெட்டோ, நிரல் சேர்ந்த நாளில்தான் தன் வேலையைத் தொடங்குகிறது. கிட்லேப் நிறுவனம் இதை ஒழுங்காகச் செய்கிறது. அதன் நிரல் பொதுவில் கிடைப்பதால் நடைமுறையையும் எல்லோரும் பார்க்க முடிகிறது. அங்கே ஃபிளாக் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய விவரக் கோப்பு உண்டு. மேலே சொன்ன கடை அதே முறையைப் பின்பற்றினால் அதன் கோப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```yaml
name: new_checkout
type: beta
group: group::payments
milestone: '17.1'
rollout_issue_url: https://example.com/issues/412
default_enabled: false
```

கோப்பின் ஒவ்வொரு வரியும் பின்னாளில் எழக்கூடிய ஒரு கேள்விக்குப் பதில். `group` யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறது. ஆள் மாறினாலும் குழு இருக்கும் என்பதால் தனிநபரின் பெயரைவிட இது நீடிக்கும். `milestone` ஃபிளாக் எந்தப் பதிப்பில் பிறந்தது என்று சொல்வதால் அதன் வயது தெரிகிறது. `type` அது எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதைக் குறிக்கிறது. வெளியீட்டின் அபாயத்தைக் குறைக்க மட்டும் வைக்கப்படும் ஃபிளாக்குக்கு கிட்லேப் தரும் ஆயுள் 2 மாதம். பீட்டா நிலை வசதிக்கு 6 மாதம். `rollout_issue_url` நிரலையும் டிக்கெட்டையும் இணைக்கிறது. நிரலில் ஃபிளாக்கைக் காணும் எவரும் அடுத்த நொடியே டிக்கெட்டுக்குப் போய் நிலவரம் அறியலாம்.

டிக்கெட்டுக்குள் இருக்க வேண்டியவை சில. எந்தச் சூழலில், எந்தச் சதவீதத்தில், எந்தத் தேதியில் திறக்கப்பட்டது என்ற படிகள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் எந்த அளவீட்டை எவ்வளவு நேரம் கவனிக்க வேண்டும் என்ற குறிப்பு. எந்த நிலை வந்தால் உடனே அணைக்க வேண்டும் என்ற வரம்பு. இவற்றைவிட முக்கியமானது ‘அடுத்த அசைவு’ என்ற ஒரே ஒரு வரி. மளிகைக் கடை எடுத்துக்காட்டில் அது, ‘கூப்பன் பிழையால் 25 சதவீதத்தில் நிறுத்தம், பிழை திருத்தம் சர்வருக்குப் போன மறுநாள் 50 சதவீதம், பொறுப்பு: பேமென்ட்ஸ் குழு, மறுபார்வை ஜூன் 22’ என்று இருந்திருந்தால் போதும். நிறுத்தம் தவறல்ல, நிறுத்தியதற்கான காரணமும் மீண்டும் பார்க்க வேண்டிய தேதியும் எழுதப்படாமல் போவதுதான் மறதிக்கு வழிவிடுகிறது. பிழை டிக்கெட்டை ரோல்அவுட் டிக்கெட்டோடு இணைத்துவைத்தால், முதலாவது மூடும்போது இரண்டாவது கண்ணில் படும்.

100 சதவீதத்தை எட்டியதும் பணி முடிந்தது என்று டிக்கெட்டை மூடிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. உண்மையில் அப்போது மூன்று வேலைகள் மிச்சமிருக்கின்றன. ஃபிளாக்கின் நிலை இரண்டு இடங்களில் இருப்பதே இதற்குக் காரணம். விவரக் கோப்பில் உள்ள `default_enabled` ஓர் இடம். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் தரவுத்தளத்தில் உள்ள பதிவு இன்னோர் இடம். தரவுத்தளத்தில் பதிவு இருந்தால் அதுவே செல்லும். இல்லாவிட்டால் கோப்பில் உள்ளது செல்லும். 100 சதவீதம் என்று மாற்றியது தரவுத்தளத்தில் மட்டுமே. கோப்பில் இன்னும் `false` என்றே இருக்கிறது. கிட்லேப் போன்ற மென்பொருளைத் தங்கள் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் நிறுவனங்களுக்குக் கோப்புதான் போகும். தரவுத்தளப் பதிவு போகாது. ஆகவே வசதி இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்திருந்தும், சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மூடியே இருக்கும். இதுவும் பாதியில் நின்ற வெளியீடுதான்.

எனவே முதல் வேலை, கோப்பில் இயல்பு நிலையை `true` என்று மாற்றுவது. இரண்டாவது, நிரலில் பழைய வழியையும் ஃபிளாக் சோதனையையும் விவரக் கோப்பையும் நீக்குவது. சில அணிகள் முதல் வேலையையும் இதையும் ஒரே மாற்றத்தில் முடித்துவிடும். மூன்றாவது, தரவுத்தளப் பதிவை அழிப்பது. இங்கே வரிசை மாறக்கூடாது. இயல்பு நிலை `false` ஆக இருக்கும்போதே பதிவை அழித்தால், வசதி அந்த நொடியே எல்லோருக்கும் அணைந்துவிடும். அதனால் நீக்கிய நிரல் எல்லா சர்வருக்கும் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே பதிவைத் தொட வேண்டும். கிட்லேப் பொறியாளர்கள் தங்கள் அரட்டைத் தளத்திலிருந்தே இதைச் செய்கிறார்கள்:

```
/chatops run feature delete new_checkout --production
```

இந்தக் கடைசி வேலைகள் விடுபட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு 2012-இல் நேர்ந்தது காட்டுகிறது. ‘பவர் பெக்’ என்ற பழைய வசதியை அந்த நிறுவனம் 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்தியிருந்தது. ஆனால் அதன் நிரல் சர்வர்களில் அப்படியே கிடந்தது. 2012-இல் புதிய வசதி ஒன்றைச் சேர்த்தபோது, பவர் பெக்கை இயக்கிவந்த அதே ஃபிளாக்கைப் புதிய வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழுக்கு மட்டுமே புதிய நிரல் போய்ச் சேர்ந்தது. எட்டாவது விடுபட்டதை யாரும் மறுபரிசீலனை செய்யவில்லை. ஆகஸ்ட் 1 காலையில் சந்தை திறந்ததும், எட்டாவது சர்வருக்கு வந்த ஆர்டர்கள் பவர் பெக்கை உயிர்ப்பித்தன. 212 ஆர்டர்களை நிறைவேற்றப் போய், 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் நடந்துவிட்டன. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். கோளாறைச் சரிசெய்யும் முயற்சியில் மற்ற ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கியபோது, அவற்றிலும் பழைய வசதி விழித்துக்கொண்டு நிலைமை மோசமானது. சந்தை திறப்பதற்கு முன்பே பவர் பெக்கைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்படாததால் யாரும் அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை.

இதிலிருந்து நேரடியாக வரும் விதிகள் இரண்டு. அழிக்கப்பட்ட ஃபிளாக்கின் பெயரை வேறு வசதிக்கு ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. ‘நிரல் அனுப்பியாயிற்று’ என்பதை டிக்கெட்டில் எழுதினால் மட்டும் போதாது. எல்லா சர்வரிலும் ஓடும் பதிப்பைப் பார்த்த பிறகே அந்தக் கட்டத்தை டிக் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே மறந்துபோனவற்றைக் கண்டுபிடிக்க மூன்று பட்டியல்களை வாரம் ஒருமுறை ஒப்பிட்டால் போதும்: நிரலில் உள்ள விவரக் கோப்புகள், தரவுத்தளப் பதிவுகள், திறந்திருக்கும் ரோல்அவுட் டிக்கெட்டுகள். மூன்றிலும் இருக்கும் ஃபிளாக் நடப்பில் உள்ளது. அதன் சதவீதம் எத்தனை நாளாக மாறவில்லை என்று மட்டும் பார்க்க வேண்டும். நிரலிலும் தரவுத்தளத்திலும் இருந்து, டிக்கெட் மூடப்பட்டிருந்தால் அது கைவிடப்பட்ட ரோல்அவுட். டிக்கெட்டை மறுபடி திறக்க வேண்டும். தரவுத்தளத்தில் மட்டும் இருப்பது, நிரல் போன பிறகும் மிஞ்சிய பதிவு, அதை அழிக்கலாம். டிக்கெட் மட்டும் இருந்தால் வேலை முடிந்தும் மூடாமல் விடப்பட்டது. இந்த ஒப்பீட்டை ஒரு சிறு நிரல் செய்து, முடிவை அந்தந்தக் குழுவின் பெயருக்கு அனுப்பலாம். எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் பட்டியலை யாரும் தன்னுடையதாக எடுத்துக்கொள்வதில்லை.

காலாவதித் தேதி வைப்பது இதற்குத் துணை. கூகுளின் குரோமியம் திட்டத்தில், சோதனை வசதிகளுக்கான பக்கத்தில் வரும் ஒவ்வொரு ஃபிளாக்குக்கும் `owners` என்றும் `expiry_milestone` என்றும் இரண்டு விவரங்கள் பதிவாகின்றன. அந்தப் பதிப்பு கடந்தால் அது பயனருக்குத் தெரியாமல் மறைக்கப்படுகிறது. சில அணிகள், தேதி தாண்டினால் தானியங்கிச் சோதனை தோல்வியடையும்படி செய்கின்றன. இதற்கு ஒரு வரம்பு உண்டு: அவசரத்தில் இருப்பவர் தேதியை மட்டும் தள்ளிவைத்துவிட்டுப் போகலாம். ஆகவே நீட்டிப்புக்கான காரணத்தை டிக்கெட்டில் எழுதுவதும், இன்னொருவர் அதை ஏற்பதும் கட்டாயமாக வேண்டும். நெருக்கடியில் ஒரு கனமான வசதியை அணைப்பதற்கென்றே வைக்கப்படும் ஃபிளாக்குகளுக்கு முடிவுத் தேதி பொருந்தாது. அவற்றுக்குத் தனி வகை கொடுத்து, இன்னும் தேவையா, அணைத்தால் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது சரியான முறை. மற்ற எல்லா ஃபிளாக்குக்கும், நிரலும் தரவுத்தளப் பதிவும் இரண்டும் நீங்கிய பின்பே டிக்கெட்டை மூட வேண்டும்.