பரப்பு மைனஸில் வருமா?

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை 4/3 என்று இருக்கிறது. மகேஸ்வரியின் நோட்டில் −4/3 என்று வந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பர்வீன் எட்டிப் பார்க்கிறாள். சண்டை தொடங்குகிறது.

மகேஸ்வரியும் பர்வீனும் இந்தக் கட்டுரைக்காகப் பிறந்த கற்பனை மாணவிகள். அவர்களுடைய சண்டை மட்டும் கற்பனையல்ல. பிளஸ் டூ வகுப்பில் தொகையிடல் பாடம் நடக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு பெஞ்சில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கணக்கு இதுதான்: y = x² − 4x + 3 என்ற வளைவரைக்கும் x அச்சுக்கும் இடையே அடைபடும் பரப்பைக் காண்க.

மகேஸ்வரி செய்ததில் தவறே இல்லை. வளைவரை x அச்சை எங்கே வெட்டுகிறது என்று முதலில் பார்த்தாள். x = 1, x = 3 என்று கிடைத்தது. அந்த இரண்டையும் எல்லைகளாக வைத்துத் தொகையிட்டாள். x³/3 − 2x² + 3x என்று வந்தது. அதில் 3 என்று போட்டால் 9 − 18 + 9, அதாவது 0. 1 என்று போட்டால் 1/3 − 2 + 3, அதாவது 4/3. மேல் எல்லை மதிப்பிலிருந்து கீழ் எல்லை மதிப்பைக் கழித்தால் −4/3.

"ஏரியா எப்படிடி மைனஸ்ல வரும்? எங்கயோ தப்பு பண்ணியிருக்கே" என்கிறாள் பர்வீன்.

"நீயே போட்டுப் பாரு. உனக்கும் இதேதான் வரும்."

பர்வீன் போட்டுப் பார்க்கிறாள். அவளுக்கும் −4/3தான் வருகிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "மனை வாங்கப் போனா மைனஸ் ரெண்டு சென்ட்னு யாராவது அளந்து குடுப்பாங்களா? இடம்னா இருக்கும், இல்லைன்னா இல்லை. மைனஸ் இடம்னு ஒண்ணு கிடையாது."

"அப்போ தொகையிட்டா பரப்பு கிடைக்கும்னு சார் நடத்தினது பொய்யா?"

"அதெல்லாம் தெரியாது. மைனஸை விட்டுட்டு 4/3னு எழுது. மார்க் வந்துடும்."

பெரும்பாலான நோட்டுகளில் இந்தச் சண்டை இங்கேயே முடிந்துவிடும். மைனஸை ரப்பரால் அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். மகேஸ்வரி போகவில்லை. கீழ் எல்லையை 1-லிருந்து 0-க்கு மாற்றி, 0 முதல் 3 வரை தொகையிட்டுப் பார்த்தாள். 3-இல் மதிப்பு 0, 0-விலும் மதிப்பு 0. விடை பூஜ்யம்.

"இப்போ சொல்லு. இதுல எந்த மைனஸை அழிப்பே?"

பர்வீனிடம் பதில் இல்லை. பரப்பு பூஜ்யம் என்றால் அங்கே இடமே இல்லை என்று ஆகிவிடும். வளைவரையோ அச்சை ஒட்டிப் படுத்திருக்கும் கோடல்ல, வளைந்து போவது. மைனஸை அழிக்கும் உபாயம் இங்கே செல்லாது, ஏனென்றால் அழிப்பதற்கு மைனஸே இல்லை. "படம் போட்டுப் பாத்துடலாம்" என்று நோட்டைத் தன் பக்கம் இழுக்கிறாள் பர்வீன்.

மகேஸ்வரி மதிப்புகளைச் சொல்லச் சொல்ல அவள் புள்ளி வைக்கிறாள். x பூஜ்யமாக இருக்கும்போது y 3. x ஒன்றானால் y 0. x இரண்டானால் y −1. x மூன்றானால் y மறுபடி 0. புள்ளிகளைச் சேர்த்தால், மேலிருந்து இறங்கி, 1-இல் அச்சைக் கடந்து கீழே போய், 2-இல் அடி தொட்டு, ஏறி வந்து 3-இல் மறுபடி அச்சைத் தொடும் ஒரு பரவளையம். பர்வீன் நிழலிட்டதும் படத்தில் இரண்டு திட்டுகள் தெரிகின்றன. 0 முதல் 1 வரை உள்ளது அச்சுக்கு மேலே. 1 முதல் 3 வரை உள்ளது அச்சுக்குக் கீழே.

மேல் திட்டை மட்டும் தொகையிட்டால் +4/3. கீழ்த் திட்டை மட்டும் தொகையிட்டால் −4/3. இரண்டையும் ஒரே மூச்சில் தொகையிட்டபோது ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிட்டன. காகிதத்தில் நிழல் விழுந்த இடமோ 4/3 + 4/3, அதாவது 8/3 சதுர அலகு.

கீழே இருக்கும் திட்டுக்கு மைனஸ் எங்கிருந்து வந்தது? மகேஸ்வரி அந்தத் திட்டைச் செங்குத்துக் கோடுகளால் நான்கு பட்டைகளாக வெட்டினாள். ஒவ்வொரு பட்டையின் அகலமும் அரை அலகு. பட்டையின் நடுவில் y-யின் மதிப்பையே அதன் உயரமாக எடுத்தாள். −0.4375, −0.9375, −0.9375, −0.4375 என்று நான்கு உயரங்கள். கூட்டினால் −2.75. அதை அகலம் 0.5-ஆல் பெருக்கினால் −1.375. உண்மை விடையான −1.333-க்கு மிக அருகில் வந்துவிட்டது. பட்டைகளை இன்னும் மெலிதாக நறுக்க நறுக்க இந்தக் கூட்டுத்தொகை −4/3-ஐ நெருங்கிக்கொண்டே போகும்.

வரையறுத்த தொகையீடு செய்யும் வேலை இவ்வளவுதான். பட்டை பட்டையாக y-யை அகலத்தால் பெருக்கிக் கூட்டுகிறது. இந்தக் கூட்டலைக் குறிக்கத்தான் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1675-இல் ∫ என்ற நீண்ட எஸ் எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். அந்தக் குறிக்கு y ஒரு நீளமா, ஒரு புள்ளி இருக்கும் இடமா என்பது தெரியாது. அச்சுக்குக் கீழே ஓர் அலகு தள்ளி இருக்கும் புள்ளிக்கு y = −1. அங்கிருந்து அச்சுவரை ஸ்கேல் வைத்து அளந்தால் நீளம் 1. தொகையீடு ஸ்கேல் வைத்து அளப்பதில்லை, y-யை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அகலம் மிகை எண், y குறை எண், ஆகவே பெருக்கல் பலன் குறை எண். மைனஸ் திட்டின் பரப்பில் இல்லை. திட்டு அச்சுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்ற தகவல்தான் அது.

கீழ்த் திட்டின் உண்மையான பரப்பு 4/3 என்பதற்குத் தொகையிடலே தெரியாத ஒரு சாட்சி உண்டு. பரவளையத்தை ஒரு நேர்க்கோட்டால் வெட்டினால் கிடைக்கும் துண்டின் பரப்பு, அதற்குள் வரையப்படும் குறிப்பிட்ட ஒரு முக்கோணத்தின் பரப்பைப் போல 4/3 மடங்கு என்று கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் நிறுவியிருக்கிறார். நம் படத்தில் அந்த முக்கோணத்தின் அடி, 1-க்கும் 3-க்கும் இடையே உள்ள அச்சு. நீளம் 2. அதன் உச்சி, வளைவரையின் அடிப்புள்ளி. ஆழம் 1. முக்கோணத்தின் பரப்பு 1, எனவே துண்டின் பரப்பு 4/3. ஆர்க்கிமிடீஸிடம் அச்சும் இல்லை, குறை எண்ணும் இல்லை. வடிவத்தை மட்டும் பார்த்தார், அதனால் அவருக்கு மைனஸ் வரவில்லை.

"பாத்தியா, நான் சொன்னதுதான் சரி. ஏரியா மைனஸ்ல வராது" என்கிறாள் பர்வீன்.

"தொகையிட்டா மைனஸ் வரும்னு நான் சொன்னதும் சரிதானே?"

இரண்டும் சரி. ஒருத்தி பரப்பைப் பற்றிப் பேசினாள், இன்னொருத்தி தொகையீட்டைப் பற்றிப் பேசினாள். வளைவரை அச்சுக்கு மேலேயே இருக்கும்வரை இரண்டும் ஒரே எண்ணாக வருவதால், இரண்டும் ஒன்றே என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

இவ்வளவு குழப்பம் தரும் மைனஸைத் தொகையீட்டின் வரையறையிலிருந்தே எடுத்துவிடலாமே என்று தோன்றலாம். எடுத்தால் நஷ்டம். அதே y-யை ஒரு பொருளின் திசைவேகம் என்றும், x-ஐ விநாடி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் விநாடியில் அந்தப் பொருள் முன்னோக்கி 4/3 மீட்டர் போகிறது. அடுத்த இரண்டு விநாடிகளில் பின்னோக்கி 4/3 மீட்டர் வருகிறது. மூன்றாம் விநாடியின் முடிவில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், புறப்பட்ட இடத்திலேயே. மகேஸ்வரிக்குக் கிடைத்த பூஜ்யம் இந்தக் கேள்விக்குச் சரியான விடை. மொத்தம் எவ்வளவு தூரம் ஓடியது என்று கேட்டால்தான் 8/3 மீட்டர். இயற்பியலில் முதலாவதை இடப்பெயர்ச்சி என்றும் இரண்டாவதைத் தொலைவு என்றும் படித்திருப்போம். மைனஸை எடுத்துவிட்டால் முதல் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

பர்வீன் சொன்னபடி விடையில் மைனஸை அழிப்பது ஏன் ஆபத்து என்பதையும் இதே படம் காட்டும். பரவளையத்தை 4 வரை நீட்டுங்கள். 3-க்கு அப்பால் அது மறுபடி அச்சுக்கு மேலே ஏறி, 3 முதல் 4 வரை இன்னொரு 4/3 அளவுள்ள திட்டைக் கொடுக்கிறது. இப்போது 0 முதல் 4 வரை ஒரே தடவையில் தொகையிட்டால் விடை +4/3. மைனஸும் இல்லை, பூஜ்யமும் இல்லை. பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் நிழல் விழும் மொத்த இடம் மூன்று திட்டுகள், அதாவது 4 சதுர அலகு. உண்மைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் விடையில் நிற்கிறது. மைனஸ் வந்த கணக்கு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பிளஸ் வந்த தவறான கணக்கு காட்டிக்கொடுக்காது.

எனவே மைனஸை நீக்க வேண்டிய இடம் விடை அல்ல, அதற்கு முந்தைய படி. முதலில் y-யைப் பூஜ்யமாக்கி, வளைவரை அச்சை வெட்டும் இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஒரு மாதிரிப் படம் வரைந்து, எந்தப் பகுதி மேலே, எந்தப் பகுதி கீழே என்று பார்க்க வேண்டும். வெட்டும் இடங்களில் எல்லையைப் பிரித்து ஒவ்வொரு திட்டையும் தனித்தனியாகத் தொகையிட்டு, கீழே உள்ளதற்கு மட்டும் குறியை மாற்றி, கடைசியில் கூட்ட வேண்டும். எல்லைகளை எப்போதும் இடமிருந்து வலமாகவே வைக்க வேண்டும். 3-லிருந்து 1-க்குத் தலைகீழாகத் தொகையிட்டால் அதே கீழ்த் திட்டு +4/3 என்று வந்து நிற்கும்.

பரப்பு கேட்கும் கணக்குகளில் படத்துக்கு நேரமில்லை என்று அதைக் கடைசிக்குத் தள்ளும் மாணவர்கள் பலர். படம் விடைக்கு அலங்காரம் அல்ல, கணக்கின் முதல் படி. எத்தனை தடவை தொகையிட வேண்டும், எங்கே குறி மாற்ற வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. அடுத்த முறை பரப்புக் கணக்கைப் பார்த்ததும் ∫ போடுவதற்கு முன் நான்கு புள்ளி வைத்து ஒரு வளைவை வரைந்துவிடுங்கள்.