போஸ்டர் பேசாது, நீங்கதான் பேசணும்! மாநாட்டில் அந்த 2 நிமிடங்களில் எதைச் சொல்வது, எதை விடுவது?

2021 பிப்ரவரி 12. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இயங்கிய பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்த விபத்து அது. ஃபேன்சி ரகப் பட்டாசுக்கான மருந்தைக் கலக்கும்போது ஏற்பட்ட உராய்வே காரணம் என்றன முதற்கட்டச் செய்திகள்.

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே வரும் சொல் இந்த ‘உராய்வு’. எவ்வளவு உராய்ந்தால் மருந்து பற்றும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியும். அளந்ததை ஒரு மாணவி போஸ்டராக அச்சடித்து, அறிவியல் மாநாட்டில் மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கமாக நடந்துபோகிறவரை நிறுத்தி, இரண்டு நிமிடத்தில் அவர் என்ன சொல்ல வேண்டும்?

அது என்ன போஸ்டர்?

மாநாட்டுக்கு வரும் எல்லோருக்கும் மேடை கிடைக்காது. அதனால் ஆய்வை ஒரே தாளில் அச்சடித்து, பலகையில் மாட்டி, பக்கத்திலேயே நின்று விளக்கும் பழக்கம் 1960களின் இறுதியில் ஐரோப்பாவில் தொடங்கி, 1970களில் அமெரிக்காவுக்கும் பரவியது. தாளின் அளவு பெரும்பாலும் ‘ஏ ஜீரோ’, அதாவது சுமார் 84 செ.மீ. அகலம், 119 செ.மீ. உயரம். ஏறக்குறைய ஒரு கதவில் பாதி.

ஒரே கூடத்தில் நூறு, இருநூறு போஸ்டர்கள் இருக்கும். பார்க்க வருபவர் கையில் டீ கப்போடு நடந்துகொண்டே இருப்பார். முழுசாக வாசிக்க அவருக்கு நேரமில்லை. 2019-ல் மைக் மோரிசன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர், போஸ்டரின் நடுவில் ஆய்வின் முடிவை மட்டும் ஒரே வாக்கியமாகப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி வெளியிட்ட வீடியோ உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் இதுதான்.

தாளுக்குச் சொன்னது வாய்க்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் இரண்டு நிமிடத்தில் சுமார் 250 சொற்கள் பேசலாம். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் 200-ஐ நெருங்கும்போதே மூச்சு வாங்கும். மாதக்கணக்கில் செய்த வேலையில் பெரும்பகுதியை விட்டுவிட்டுத்தான் பேச முடியும். எதை விடுவது என்பதில்தான் சிக்கல்.

முதலில் ஆய்வைப் புரிந்துகொள்வோம்

சத்தம் கொடுக்கும் பட்டாசு மருந்தில் முக்கியமானவை மூன்று: வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். இதில் மணல் போன்ற கடினமான துகள் சேர்ந்தால், உராய்வில் சீக்கிரம் பற்றும். தேய்க்கும்போது ஏற்படும் சூடு கலவை முழுக்கப் பரவாமல், மணல் துகளின் முனையில் ஒரே புள்ளியில் குவிவதுதான் காரணம். நம் மாணவி இதைத்தான் சோதிக்கிறார். செருப்போடு ஒட்டி வரும் மணல் மருந்தில் சேர்ந்தால் என்ன ஆகும்?

இதற்கென்று உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு ஜெர்மன் கருவி இருக்கிறது. ஒரு பீங்கான் தட்டில் ஒன்றிரண்டு கடுகளவு மருந்தை வைப்பார்கள். அதன்மேல் ஒரு பீங்கான் முளையை எடை வைத்து அழுத்தி, தட்டை ஒரு செ.மீ. தூரம் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஒவ்வொரு எடையிலும் ஆறு முறை சோதிப்பார்கள். ஆறில் ஒருமுறையாவது வெடிக்கிற மிகக் குறைந்த எடைதான் அந்த மருந்தின் எல்லை. அந்த எல்லை 80 நியூட்டனுக்கு, அதாவது சுமார் 8 கிலோ அழுத்தத்துக்குக் கீழே இருந்தால், அந்த மருந்தை அப்படியே வண்டியில் ஏற்றி அனுப்பக் கூடாது என்கிறது ஐ.நா. விதிமுறை.

மாணவிக்குக் கிடைத்த விடை, சுத்தமான மருந்துக்கு 240 நியூட்டன், மணல் சேர்ந்ததற்கு 120 என்று வைத்துக்கொள்வோம். பேசும் முறையைக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள்தான் இவை. உண்மையான அளவு கலவைக்குக் கலவை மாறும்.

இனி அந்த 2 நிமிடம்

போஸ்டர் முன்னால் ஒருவர் வந்து நிற்கிறார். மாணவி இப்படிப் பேசலாம்:

“வணக்கம் சார். நீங்க கெமிஸ்ட்ரியா, இல்ல ஃபேக்டரிப் பக்கமா?

ஃபேக்டரியில ஃபோர்மேனா? சரிங்க சார். பட்டாசு மருந்துல கொஞ்சம் மணல் சேர்ந்தாலே, பாதி அழுத்தத்துல பத்திக்குது. இதுதான் நாங்க பார்த்தது.

அச்சங்குளம் விபத்தப்போ ‘உராய்வு’ன்னு செய்தியில வந்துச்சு. அந்த அறையில மணல் இருந்துச்சான்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா, என்ன சேர்ந்தா உராய்வு இன்னும் ஆபத்தாகும்னு பார்க்கலாம்னு தோணுச்சு.

இந்தப் படத்தைப் பாருங்க. பீங்கான் தட்டு, மேல கடுகளவு மருந்து, அதுக்கு மேல ஒரு முளை. எடை வச்சு அழுத்தி, தட்டை ஒரு சென்டிமீட்டர் நகர்த்துறோம். ஆறு தடவை. ஒரு தடவை வெடிச்சாலும் அந்த எடையைக் குறிச்சுக்குவோம்.

இதுல ரெண்டு பட்டை இருக்கு. உயரமா இருந்தா அதிக அழுத்தம் தாங்குதுன்னு அர்த்தம். சுத்தமான மருந்து 24 கிலோ. மணல் சேர்ந்தது 12.

ஆனா ஒண்ணு சார். 24-க்குக் கீழ சுத்தமான மருந்து பத்தவே பத்தாதுன்னு இதுக்கு அர்த்தமில்ல. ஆறு தடவைதான் பார்த்திருக்கோம். சுத்தமா இருந்தாலும் அது ஆபத்தான மருந்துதான்.

நீங்க மருந்து சலிக்கிற இடத்துக்கு மணல் எந்த வழியா வருது சார்?”

அவ்வளவுதான். ஸ்டாப் வாட்ச் வைத்துப் பேசிப் பாருங்கள், நிதானமாகப் பேசினாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியவை சில.

முதல் வாக்கியமே கேள்வி. வந்தவர் யார் என்று தெரிந்தால்தான் மாணவி ‘240 நியூட்டன்’ என்பதா, ‘24 கிலோ அழுத்தம்’ என்பதா என்று முடிவு செய்ய முடியும். ஃபோர்மேனுக்குக் கிலோ போதும். வேதியியல் பேராசிரியர் வந்திருந்தால் நியூட்டனையே சொல்லி, மணல் துகளின் அளவையும் அன்றைய ஈரப்பதத்தையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். அவர் எப்படியும் அதைத்தான் கேட்பார்.

பேச்சின் தொடக்கத்திலேயே விடை வந்துவிட்டது. ‘இந்தியப் பட்டாசுத் தொழிலின் வரலாறு...’ என்று தொடங்கியிருந்தால், விடை வருவதற்குள் அவர் அடுத்த போஸ்டருக்குப் போயிருப்பார்.

படத்தைக் காட்டியதும் எண்ணைச் சொல்லவில்லை. உயரமான பட்டை நல்லதா, கெட்டதா என்பதை முதலில் சொன்னார். முதன்முறை பார்ப்பவர் தடுமாறும் இடம் அது.

அச்சங்குளத்தின் பெயர் ஒரே ஒருமுறைதான் வந்தது. அங்கே என்ன நடந்தது என்பதை இந்தச் சோதனை விளக்கவில்லை என்பதும் கூடவே வந்தது. இடிந்த கட்டடத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டால் எல்லோரும் நிற்பார்கள். ஆனால், ‘அங்கே மணல்தான் காரணமாம்’ என்று சொல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள்.

வெட்டவே கூடாத வரி

நேரம் போதவில்லை என்றால் பலரும் முதலில் வெட்டுவது, “ஆறு தடவைதான் பார்த்திருக்கோம்” என்ற அந்த வரியைத்தான். ஆய்வின் பலவீனத்தை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்தான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு கணக்குப் போட்டால் புரியும்.

ஏதோ ஒரு அழுத்தத்தில், பத்து முறை தேய்த்தால் சராசரியாக ஒருமுறை மருந்து பற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலவை அறைக்கு இது பயங்கரமான நிலை. அதே அழுத்தத்தில் ஆறு முறை சோதித்தால், ஆறிலும் பற்றாமல் போக எவ்வளவு வாய்ப்பு? 0.9-ஐ ஆறு முறை பெருக்கினால் 0.53. அதாவது, பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் சோதனை ‘ஒன்றும் ஆகவில்லை’ என்றே காட்டும்! ஆய்வுக்கூடத்தில் ஆறு முறை. மருந்து சலிக்கும் தொழிலாளியின் கை ஒரு நாளைக்கு எத்தனை முறை தேய்க்கும்?

சோதனை தவறு என்று இதற்குப் பொருளல்ல. எந்த மருந்து எதைவிட ஆபத்து என்று ஒப்பிட அது நன்றாகவே உதவும். ‘இந்த அளவுக்குக் கீழே பயமில்லை’ என்று சொல்லத்தான் உதவாது. அந்த வரியை வெட்டிவிட்டால் ஃபோர்மேன் எடுத்துக்கொண்டு போவது, ‘மணல் இல்லாட்டி 24 கிலோ வரைக்கும் தாங்கும்’ என்பதை. மறுநாள் காலையில் அவர் அறையில் நான்கு பேர் வேலைக்கு உட்காருவார்கள்.

நேரம் குறைந்தால் கருவியை விளக்கும் பகுதியை வெட்டுங்கள். “எப்படி அளந்தீங்க?” என்று வேண்டியவர் கேட்பார். “இதுல என்ன குறை?” என்று பெரும்பாலானவர்கள் கேட்க மாட்டார்கள்.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

கேட்பவரின் கேள்வியே சொல்லிவிடும். “கடைசில என்னதாம்மா கண்டுபிடிச்சீங்க?” என்றால் உங்கள் முதல் வரி சேரவில்லை. “இந்தப் பட்டை என்ன?” என்றால் படத்தைக் காட்டிய விதத்தில் குறை. “எவ்வளவு மணல் போட்டீங்க?” என்று கேட்டால் எல்லாம் சேர்ந்துவிட்டது, அவர் உங்கள் சோதனைக்குள்ளேயே வந்துவிட்டார். “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்று சொல்லிக்கொண்டே கால் பக்கத்துப் போஸ்டரை நோக்கித் திரும்பினால் பேச்சை நிறுத்தி, முதல் வரியை மட்டும் இன்னொருமுறை சொல்லி அனுப்பிவிடுங்கள். துரத்திப் பேசினால் அதுவும் மனதில் நிற்காது.

பாதியில் இன்னொருவர் வந்து நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அவரைப் பார்த்து விடையை ஒரே வரியில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போஸ்டரைப் பார்த்து வாசிப்பது மட்டும் கூடவே கூடாது. முகம் பலகைப் பக்கம் திரும்பினால், எதிரில் நிற்பவருக்குப் புரிகிறதா என்று பார்க்கும் ஒரே வழியும் அடைபட்டுவிடும்.

மாநாட்டுக்கு முந்தைய நாள் செய்ய ஒரு சோதனை உண்டு. ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத, ஆனால் அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் பேசிக் காட்டுங்கள். பட்டாசு ஆலைக்குப் போகும் சித்தியோ, பக்கத்து வீட்டு அக்காவோ இருந்தால் இன்னும் நல்லது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அரை மணி நேரம் கழித்து, “நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க” என்று கேளுங்கள்.

“மருந்துல மணல் சேரக் கூடாதாம், சேராட்டியும் கவனமா இருக்கணுமாம்” என்று வந்தால் தைரியமாகக் கிளம்பலாம். “சுத்தமா இருந்தா பயமில்லையாம்” என்று வந்தால், அன்று இரவே உட்கார்ந்து அந்த இரண்டு நிமிடத்தைத் திருத்தி எழுத வேண்டும்.