செய்து காட்டினால்தான் கற்றதாகக் கணக்கு

இரவு பதினொரு மணிக்கு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடை இருபது கிலோ. பெயரைக் கேட்டால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். ஒவ்வொரு இழுப்புக்கும் தொண்டைக்குழியும் விலா இடுக்கும் உள்ளே போகின்றன. நிமிடத்துக்கு 44 மூச்சு. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 90 சதவீதம் என்கிறது. இது கடுமையான ஆஸ்துமா தாக்குதல்.

மருந்துகளை மருத்துவர் எழுதுவார்: ஆக்சிஜன், முதல் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சால்பியூட்டமால் நெபுலைசர், கூடவே ஸ்டீராய்டு. அதற்கப்புறம் குழந்தையின் பக்கத்திலேயே இருக்கப்போகிறவர் செவிலியர். அவர் எழுதுவதுதான் பராமரிப்புத் திட்டம். குழந்தைக்கு இப்போது என்ன பிரச்சினை, எவ்வளவு நேரத்துக்குள் எது மாற வேண்டும், அதற்கு என்ன செய்வோம், மாறியதா என்பதையெல்லாம் அதில் எழுதுவார்.

‘சுவாசம் சீராகும்’ என்று எழுதுவது எளிது, ஆனால் அதை வைத்து எதையும் அளக்க முடியாது. ‘ஒரு மணி நேரத்துக்குள் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் குறையாமல் நிற்கும், மூச்சு எண்ணிக்கை குறையும், ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேசுவாள்’ என்று எழுதினால், அடுத்த ஷிஃப்டில் வருகிறவரும் அதே அளவுகோலால் பார்ப்பார். செய்ய வேண்டியவையும் அப்படித்தான்: படுக்க வைக்காமல் அம்மா மடியிலோ தலையணையில் சாய்த்தோ நிமிர்த்தி உட்கார வைப்பது, ஒவ்வொரு நெபுலைசருக்கும் முன்னும் பின்னும் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவது. சால்பியூட்டமாலால் இதயம் படபடக்கும், கை நடுங்கும். அது மருந்தின் இயல்பு என்று முன்பே சொல்லிவிட்டால் வீட்டார் மிரள மாட்டார்கள்.

திட்டத்தில் சிவப்பு மையில் எழுத வேண்டிய வரி ஒன்று உண்டு. விசில் சத்தம் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சத்தம் நின்று, குழந்தையும் தெளிந்து, பேசி, தண்ணீர் கேட்டால் நல்லது. சத்தம் நின்று, குழந்தை சோர்ந்து கண் சொக்கினால், காற்றுக்குழாய்க்குள் சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை. உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ‘அப்பாடா, தூங்கிட்டா’ என்று வீட்டார் நிம்மதியடையும் நேரமும் இதுவாக இருக்கலாம்.

இனி குடும்பத்துக்கான பகுதி. மூச்சுத் திணறும் நேரத்தில் பாடம் நடத்தினால் யார் காதிலும் ஏறாது. குழந்தை தேறி, இட்லி கேட்கிற நாளில் ஆரம்பிக்க வேண்டும். பல கேஸ் தாள்களில் ‘தாயாருக்கு விளக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். என்னைக் கேட்டால் அது குறிக்கோளே இல்லை; செவிலியர் பேசினார் என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். ‘டிஸ்சார்ஜுக்கு முன் தாயார் ஸ்பேசரோடு இன்ஹேலரைத் தானே பிழையின்றிச் செய்து காட்டுவார்’ என்பது குறிக்கோள்.

செய்யச் சொல்லிப் பார்த்தால்தான் விஷயம் வெளிவரும். நம் சிறுமியின் அம்மா இன்ஹேலரைக் குலுக்கவில்லை. ஸ்பேசருக்குள் நான்கு தடவை தொடர்ந்து அழுத்திவிட்டுக் குழந்தையின் வாயில் வைக்கிறார். மருந்தில் பெரும்பகுதி ஸ்பேசரின் சுவரில்தான் ஒட்டும். குலுக்கி, ஒரு தடவை அழுத்தி, ஐந்தாறு மூச்சு விடச் சொல்லி, மறுபடி குலுக்கி அடுத்ததை அழுத்த வேண்டும். இரண்டாம் முறை அவர் சரியாகச் செய்ததைப் பார்த்த பிறகே திட்டத்தில் ‘நிறைவேறியது’ என்று எழுதலாம்.

அடுத்த குறிக்கோள், இரண்டு இன்ஹேலர்களைப் பிரித்தறிவது. திணறும்போது உடனே திறந்துவிடுவது ஒன்று. தினமும் எடுத்து, தாக்குதலே வராமல் காப்பது ஸ்டீராய்டு உள்ள மற்றொன்று. ‘நல்லாத்தானே இருக்கா, எதுக்கு தினமும்? பழகிடும்’ என்று பாட்டி இரண்டாவதை நிறுத்தியிருந்தார். இன்ஹேலர் பழக்க அடிமையாக்குவதில்லை. நிறுத்தியதும் காற்றுக்குழாயின் வீக்கம் திரும்பிவிடுகிறது, இந்தத் தாக்குதலுக்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். பள்ளி விட்டு வரும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி என்றால் திட்டத்தில் அவருக்கும் இடம் வேண்டும். அவரும் செய்து காட்ட வேண்டும். மாலையில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் ஏற்றுபவர் அவர்தான் என்றால், அதைக் குறை சொல்லும் தொனி இல்லாமல் அவரிடமே பேச வேண்டும்.

கடைசியாக, வீட்டுச் சுவரில் ஒட்ட ஒரு தாள். திணறல் வந்தால் எத்தனை தடவை மருந்து, எவ்வளவு நேரம் பார்ப்பது என்று அந்தக் குழந்தைக்கென மருத்துவர் எழுதியது. மருந்துக்கு அடங்காவிட்டாலோ, அடங்கி நான்கு மணி நேரத்துக்குள் திரும்பினாலோ, பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108. வழியிலும் மருந்தை நிறுத்தக் கூடாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படித் தேறி வீடு திரும்பும் நாளில், அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கிளம்பும் முன் செவிலியரிடம், “நான் ஒருதடவை செஞ்சு காட்டுறேன், சரியான்னு பாருங்க சிஸ்டர்” என்று சொல்லுங்கள்.