பள்ளத்தில் இறங்குபவருக்கு நான்கு விதிகள்

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் பள்ளம் தோண்டும் விதிகளில் மண் வகைப்பாடு, சரிவுக் கணக்கு, அட்டவணைகள் எனப் பல உண்டு. அவை வடிவமைப்பவருக்கானவை. உள்ளே இறங்கிக் குழாய் பதிப்பவருக்கு நான்கு விதிகள் போதும்:

5 அடி அல்லது அதற்கு மேல் ஆழமானால், முழுதும் உறுதியான பாறையாக இல்லாதவரை, முட்டோ சரிவோ பாதுகாப்புப் பெட்டியோ வேண்டும்.

4 அடி ஆழத்திலேயே, 25 அடிக்குள் எட்டும்படி ஏணி வேண்டும்.

தோண்டிய மண் விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளியிருக்க வேண்டும்.

தகுதியுள்ளவர் தினமும் வேலைக்கு முன்பும், மழைக்குப் பின்பும் சோதிக்க வேண்டும்.

சுருக்கும்போது நிபந்தனையை விட்டுவிடக் கூடாது. “5 அடிக்குக் குறைந்தால் முட்டு வேண்டாம்” என்று எழுதுவது தவறு. மண் சரியும் அறிகுறி தென்பட்டால் 4 அடிப் பள்ளத்துக்கும் முட்டு கட்டாயம். விளிம்பில் வெடிப்பு கண்டால் இறங்காதீர்கள்.